நீலவெண் பீங்கானின் தோற்றத்தில் போலிப்பாண்டங்களின் பங்கு: பெலித்துங் கப்பற்சிதைவை முன்வைத்து

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை அடுத்த கடலில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலொன்றின் சிதைவு 1998ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இரும்பாணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைக்கும் மேற்காசிய மரபில் கட்டப்பட்ட கப்பல் அது. அதிலிருந்து ஏறத்தாழ 60,000 பொருள்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீனத்தின் சாங்ஷா சூளைகளில் உருவான கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டுக் குறிப்பு பொறிக்கப்பட்டுள்ளது. இப்பெருந்தொகைக்கு நடுவே கிடைத்த மூன்று நீலவெண் தட்டுகளே இங்கு ஆய்வுக்குரியவை. சிதையாமல் முழுமையாகக் கிடைத்த சீன நீலவெண் பாண்டங்களுள் இவையே மிகப் பழையனவாக அறியப்படுகின்றன.

இத்தட்டுகளை விளங்கிக்கொள்ள அக்காலத்துப் பாஸ்ராவை நோக்க வேண்டும். கடல்வழி வந்த சீன வெண்பாண்டங்களை அப்பாசியர் ஆட்சிப்பகுதியினர் பெரிதும் விரும்பினர். ஆயின், அவ்வெண்மையைத் தரும் களிமண்ணும் அதனைச் சுடுதற்குரிய மிகுவெப்பச் சூளையும் ஈராக்கியக் குயவரிடம் இல்லை. எனவே அவர்கள் தம் மஞ்சள்நிற மண்ணில் சீன வடிவங்களை வனைந்து, வெள்ளீயம் கலந்து ஒளிபுகாதவாறு ஆக்கிய வெண்பூச்சினால் அம்மண்ணை மறைத்தனர். வெளித்தோற்றத்தில் வேறுபாடு எளிதில் புலப்படாது. விளிம்பு உடைந்தவிடத்து உள்ளிருக்கும் மென்மையான மஞ்சள் மண் போலியைக் காட்டிக்கொடுத்துவிடும். சீனப் பாண்டமோ உடைந்தவிடத்தும் வெண்மையாகவே இருக்கும். சாமர்ரா அகழாய்வில் இவ்விருவகைத் துண்டுகளும் கிடைத்துள்ளன.

பாஸ்ராக் குயவர் வெறும் வெண்மையோடு நின்றாரல்லர். வெண்பூச்சின்மீது கோபால்ட் நிறமியால் இலையும் எழுத்தும் தீட்டினர். பூச்சினுள் சற்றே கசிந்து பரவும் அந்நீலம், சீன மூலத்தில் இல்லாத புத்தாக்கமாகும்.

பெலித்துங் தட்டுகள் ஹெனான் பகுதியின் கோங்சியான் சூளைகளைச் சார்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. அவற்றின் நடுவில் அமைந்த சாய்சதுரமும் அதனைச் சூழ்ந்த இலைக்கொடிகளும் ஈராக்கியப் பாண்டங்களின் ஓவிய அமைப்பை ஒத்துள்ளன. கோபால்ட் நிறமியைத் தாங் காலக் குயவர் தம் மூவண்ணப் பாண்டங்களில் முன்னரே கையாண்டுள்ளனராதலின், நீலத்தையே மேற்காசியாவின் கொடையென்றல் பொருந்தாது. கடல்கடந்து சென்றது ஓவிய அமைப்பு. அதாவது, கொள்வோரின் சுவை. இருநாட்டுப் பாண்டங்களும் காலத்தால் மிக நெருங்கியவையாதலின், இம்முடிவுக்கு ஆண்டுக்கணக்கினும் ஓவிய ஒப்புமையே வலுவான சான்றாகும்.

இம்முயற்சி சீனத்தில் தொடர்ச்சியாக வளரவில்லை. பதினான்காம் நூற்றாண்டில்தான் ஜிங்தெசென் சூளைகள் நீலவெண் பீங்கானைப் பேரளவில் வனையத் தொடங்கின. அப்போதும் ஈரானியக் கோபால்ட் பயன்பட்டது. பலர் சூழ்ந்தமர்ந்து உண்ணும் மேற்காசிய வழக்கத்துக்கு ஏற்ற அகன்ற தட்டுகள் மிகுதியாக உருவாயின. இசுதான்புல்லின் தோப்காபி அரண்மனைத் தொகுப்பில் அவற்றை இன்றும் காணலாம். சீனக் கற்றோர் இவற்றை உடனே ஏற்றிலர். 1388இல் சாவ் ஜாவ் இயற்றிய கலைப்பொருள் மதிப்பீட்டு நூல், நீலவண்ணப் பாண்டங்களை நயமற்றவை என ஒதுக்குகிறது.