கனவு முதலில் வந்தால் பிழை

இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய ஏழு சொற்களை நிரல் வரிசைப்படுத்தித் தருகிறது: கனவு, கற்கண்டு, கலம், கல், கள், கழுதை, கவிதை. கணினிக்கு இது சரி. ஆனால் அகராதியில் கனவுக்குக் கடைசி இடம்.

யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்கிறது. 'ர'வுக்குப் பின் ற, ல, ள, ழ, வ வருகின்றன. நம் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. புள்ளியின் எண்ணும் எல்லா மெய்களின் எண்களுக்கும் பிந்தியது. அதனால்தான் கலம் முந்தி, கல் பிந்துகிறது.

தீர்வு, சொல்லை நாம் எண்ணும் எழுத்துகளாகவே பிரிப்பது. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண்கள்: மெய்யின் இடம், உயிரின் இடம். புள்ளி வைத்த மெய்க்கு உயிரெண் 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2. 'ல்' 0 பெறுவதால் 'ல'வுக்கு முன் நிற்கும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை 'ன'வுக்குப் பின் வைக்கலாம்.

இப்போது வரிசை: கல், கலம், கவிதை, கழுதை, கள், கற்கண்டு, கனவு.

அதற்கு முன் ஒரு வேலை உண்டு. 'கொ'வின் குறியைச் சில பக்கங்கள் ஒரே குறியாகவும், சில இரு குறிகளாகவும் பதிந்திருக்கும். `NFC` வடிவுக்கு மாற்றாவிட்டால் ஒரே சொல் பட்டியலில் இருமுறை வரும்.