வெட்டிய இடத்தில் ஒரு ‘டிக்’

ஒரு பெரியவரிடம் எடுத்த பேட்டியை எடிட் செய்வதாக வைத்துக்கொள்வோம். “அந்தக் காலத்துல நாங்க பத்து... வந்து... பத்து மைல் நடந்தே போவோம்” என்கிறார். இடையில் வரும் ‘வந்து’வையும் இரண்டாவது ‘பத்து’வையும் எடுத்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடும். கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் ‘பத்து’ முடியும் இடத்திலிருந்து ‘மைல்’ தொடங்கும் இடம் வரை தேர்ந்தெடுத்து அழிக்கிறோம். பேச்சு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. ஹெட்ஃபோனில் கேட்டால், ஒட்டிய இடத்தில் நகத்தால் மேசையைச் சுண்டியதுபோல ஒரு ‘டிக்’. மூலப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டாலும் அந்தச் சத்தம் அதில் கிடையாது. அதை உண்டாக்கியது நம்முடைய வெட்டுதான்.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு நொடிக்கு 48,000 எண்கள் சேரும். ஒவ்வொன்றையும் சாம்பிள் என்கிறார்கள். அந்த நொடித்துளியில் அலை நடுக்கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே இருந்தது என்பதை அது சொல்கிறது. நடுக்கோடு 0, உச்சம் 1, அடி -1. ஆணின் குரல் நொடிக்கு நூறு தடவையை ஒட்டி அதிர்கிறது. அந்த அடிப்படை அதிர்வில் அலை 0.3 உயரத்துக்கு ஏறி இறங்குகிறது என்றாலும், ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 0.004ஐத் தாண்டாது. அவ்வளவு நிதானமாகத்தான் அலை நகர்கிறது.

இப்போது நம் வெட்டைப் பார்ப்போம். ‘பத்து’வின் உகரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, அலை 0.30இல் நின்ற நேரத்தில் கத்தி விழுந்தது. மறுபுறம் ‘மைல்’ என்பதன் மகரம் -0.22இல் தொடங்குகிறது. ஒட்டியதும் 0.30க்கு அடுத்த எண் -0.22. வழக்கமான நகர்வைப்போல நூறு மடங்குக்கும் மேலான தாவல், 48,000இல் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. இப்படிச் செங்குத்தாக விழும் ஓரத்தில் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உச்ச அதிர்வெண் வரை எல்லாமே கலந்திருக்கும். அதனால்தான் காது அதைப் பேச்சின் பகுதியாக எடுத்துக்கொள்ளாமல் தனிச் சத்தமாகப் பிரித்துக் கேட்கிறது. ஒலி எடிட்டிங் மென்பொருளில் அலைவடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறிப் பார்த்தால், ஒட்டிய இடத்தில் அடியிலிருந்து உச்சிவரை மெல்லிய நேர்க்கோடு ஒன்று நிற்கும். காதில் சந்தேகம் வந்தால் கண்ணால் உறுதி செய்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் பலரும் கற்றுக்கொள்ளும் வைத்தியம், அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவது. ஆடாசிட்டியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து Z விசையை அழுத்தினால், தேர்வின் இரு ஓரங்களும் அருகிலுள்ள அப்படிப்பட்ட இடங்களுக்கு நகர்ந்துகொள்ளும். தாவல் பெருமளவு குறையும். ஆனால் ஒரு பக்கம் அலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டு பூஜ்யத்தைத் தொட, மறுபக்கம் அதுவும் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டு தொட்டால், உயரம் பொருந்தினாலும் ஒட்டில் கூரான முனை ஒன்று உண்டாகும். ஸ்டீரியோ பதிவில் இடது சேனல் பூஜ்யத்தைக் கடக்கும்போது வலது சேனல் வேறெங்கோ இருக்கும். வீடியோ எடிட்டருக்கு இந்த வழி பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 1,920 சாம்பிள்கள். ஃபிரேம் எல்லையில் வெட்டுபவருக்கு அலை எங்கே இருக்கும் என்பதில் தேர்வுக்கு இடமில்லை.

ஆகவே கிராஸ்ஃபேட். முதல் துண்டின் கடைசிப் பகுதியையும் இரண்டாம் துண்டின் முதல் பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முதலாவதைப் படிப்படியாகக் குறைத்து, அதே நேரத்தில் இரண்டாவதைப் படிப்படியாகக் கூட்டுவது. பத்து மில்லி செகண்ட் என்று எடுத்துக்கொண்டால் 480 சாம்பிள்கள். முதல் சாம்பிளில் பழைய துண்டு முழுதாக இருக்கும், நடுவில் பாதிக்குப் பாதி, கடைசியில் புதிய துண்டு மட்டும். 0.52 அளவுள்ள அந்தத் தாவல் 480 சிறு நகர்வுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 0.001 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அது பேச்சின் சாதாரண நகர்வுக்குள் கரைந்துபோகும். ‘டிக்’ மறைகிறது. ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு என்பதால், இரண்டு ஒலிகள் கலந்ததும் காதுக்குத் தெரிவதில்லை.

இதை டிஜிட்டல் காலத்துத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். காந்த நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்திலேயே, வெட்டுக்கான அச்சில் 45 பாகைச் சாய்வில் ஒரு பள்ளம் இருந்தது. கால் அங்குல நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். சாய்வாக வெட்டினால் வெட்டு நாடாவின் நீளத்திலும் அதே 6.35 மில்லிமீட்டருக்குப் பரவும். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் நாடா அந்த தூரத்தைக் கடக்க சுமார் 17 மில்லி செகண்ட் ஆகும். நாடாவின் முழு அகலத்திலும் ஒரே தடமாகப் பதிவானதென்றால், அந்த நேரம் முழுக்க ஹெட்டின் கீழே ஒரு துண்டு குறைந்துகொண்டே போக மற்றொன்று வளர்ந்துகொண்டே வரும். கைவினையாக அமைந்த கிராஸ்ஃபேட் அது. பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் வெட்டிய இடத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம் பதிந்துவிடும் என்பதால், அதைக் காந்த நீக்கியில் காட்டி எடுப்பதும் வழக்கத்தில் இருந்தது.

மென்பொருளில் செய்முறை எளிது. ரீப்பர் போன்றவற்றில் இரண்டு கிளிப்புகளைச் சிறிது மேற்படிய இழுத்தாலே கிராஸ்ஃபேட் விழும்படி வைத்துக்கொள்ளலாம். ஆடாசிட்டியில் ஒட்டின் இருபுறமும் சம அளவு தேர்ந்தெடுத்து Crossfade Clips கொடுக்க வேண்டும். இரண்டு தனிக் கோப்புகளை ஒட்டுவதற்கு ffmpeg ஒரே வரியில் முடித்துவிடும்:

```
ffmpeg -i a.wav -i b.wav -filter_complex "acrossfade=d=0.01:c1=tri:c2=tri" out.wav
```

இதில் `d` என்பது நொடிக் கணக்கில் நீளம். `tri` என்பது நேர்க்கோட்டில் குறைந்து நேர்க்கோட்டில் கூடும் வளைவு. ஒரே குரலை ஒட்டும்போது இது போதும். கைதட்டலோடு மழைச் சத்தத்தைக் கலப்பதுபோல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளை அரை நொடி, ஒரு நொடி என்று நீளமாகக் கலந்தால் நேர்க்கோட்டு வளைவில் நடுவே ஒலி சுமார் 3 டெசிபெல் தாழும். அப்போது `qsin` பொருந்தும். பத்து மில்லி செகண்டுக்குள் இந்த வேறுபாட்டைக் காது பொருட்படுத்தாது.

கிராஸ்ஃபேட் வேறு, முதல் துண்டை ஃபேட் அவுட் செய்து அதன் பின்னால் இரண்டாவதை ஃபேட் இன் செய்வது வேறு. பின்னதிலும் ‘டிக்’ போய்விடும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒலி பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுகிறது. மின்விசிறி ஓடும் அறையில் எடுத்த பேட்டியில் அந்தக் குழி ஒரு சிறு விக்கலாகக் கேட்கும். இரண்டு துண்டுகளும் மேற்படிய வேண்டும் என்பதுதான் இதில் அடிப்படை. அதற்கு வெட்டுக்கு அப்பாலும் இருபுறமும் கொஞ்சம் பதிவு மிச்சமிருக்க வேண்டும். கிளிப்பை ஓரம்வரை கத்தரித்து மிச்சத்தைத் தூக்கியெறிந்த கோப்பில், மேற்படிய வைக்கக் கூடுதலாக ஒன்றும் இருக்காது. வைத்திருக்கும் பேச்சிலிருந்துதான் அதை எடுக்க வேண்டிவரும்.

நீளத்தைக் கூட்டினால் இன்னும் மென்மையாகும் என்று தோன்றும். பேச்சில் அது நடக்காது. ஐம்பது அறுபது மில்லி செகண்டுக்குப் போனால், நீக்கிய சொல்லின் தலையோ வாலோ உள்ளே எட்டிப்பார்க்கும். நம் உதாரணத்தில் ‘பத்து’வுக்குப் பின்னால் ‘வந்து’வின் வகரம் நிழலாகக் கேட்கும். இரண்டு மூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மனிதர் விசித்திரமாக மூச்சு வாங்குவார். மிருதங்க அடி போன்ற கூர்மையான தொடக்கத்துக்கு முன் ஒட்டும்போது பத்து மில்லி செகண்டே அதிகம். அடியின் முனை மழுங்கிவிடும். அங்கே இரண்டு மில்லி செகண்ட் போதும், அதுவும் அடி விழுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

தம்பூரா ஓடும் கச்சேரிப் பதிவில் சிக்கல் வேறு வகை. ஒரு கட்டை சுருதியில் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ஏழரை மில்லி செகண்டுக்குச் சற்று கூடுதல். ஒட்டும் இரண்டு துண்டுகளிலும் அதே சுருதி ஒலிக்கிறது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால், கிராஸ்ஃபேட்டின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ‘டிக்’ இல்லை, ஆனால் சுருதி ஒரு கணம் பள்ளத்தில் விழுந்து எழும். வளைவை மாற்றிப் பயனில்லை. ஒரு துண்டை அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவாக, முன்னோ பின்னோ நகர்த்தி இரண்டு அலைகளையும் ஒரே திசையில் ஏறவைக்க வேண்டும்.

அந்தப் ‘பத்து மைல்’ வாக்கியத்துக்கு இன்னும் நல்ல வெட்டு ஒன்று இருக்கிறது, அதைத் தமிழ்தான் தருகிறது. ‘பத்து’ என்று சொல்லும்போது ‘த்து’வின் நடுவே நாக்கு பல்லில் ஒட்டி நிற்கிறது. அந்த நேரத்தில் காற்று வெளிவருவதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், இரண்டு புடைப்புகளுக்கு நடுவே தட்டையான ஓர் இடைவெளி தெரியும். ‘அப்பா’, ‘பாட்டி’, ‘பக்கம்’ என இரட்டிக்கும் வல்லினம் வரும் இடமெல்லாம் இது உண்டு. நிதானமான பேச்சில் நூறு மில்லி செகண்டை ஒட்டி இருக்கும். ஆனால் ‘அகம்’ போன்ற ஒற்றை வல்லினத்தில் இப்படி நம்பிவிடக் கூடாது, அங்கே குரல் நிற்காமல் ஓடும்.

பெரியவர் ‘பத்து’வை இரண்டு முறை சொல்லியிருக்கிறார். முதல் ‘பத்து’வின் மௌனத்தில் ஒரு வெட்டு, இரண்டாம் ‘பத்து’வின் அதே மௌனத்தில் இன்னொரு வெட்டு. முதலாவதின் ‘பத்’தும் இரண்டாவதின் ‘து மைல்’ என்பதும் சேருகின்றன. இருபுறமும் அலை பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பதால் ஐந்து மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட்டே போதும். உகரத்திலிருந்து மகரத்துக்கு அவர் போன வழியும் கலையாமல் அப்படியே கிடைக்கிறது. மௌனத்திலும் கிராஸ்ஃபேட் தேவைதான், ஏனென்றால் அது முழு மௌனம் அல்ல. விசிறியின் இரைச்சல் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிராஸ்ஃபேட் தீர்க்காதவையும் உண்டு. பகரம் சொல்லும்போது வாய்க்காற்று மைக்கில் மோதி வரும் ‘டப்’ பதிவிலேயே உள்ளது. வெட்டோடு அதற்குத் தொடர்பில்லை. விசிறி ஓடும்போது எடுத்த துண்டையும் நின்றபின் எடுத்ததையும் பத்து மில்லி செகண்டில் ஒட்டினால், ‘டிக்’ இராது, அறை மட்டும் சட்டென்று மாறும். அதற்கு ஆளில்லாத அறையின் ஒலியைத் தனியாக எடுத்துவைத்து அடியில் ஓடவிட வேண்டும்.

மேற்படிய வைப்பதால் மொத்த நீளம் குறைகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒலிக்கோப்பை மட்டும் தனியாக எடிட் செய்து பின்னால் வீடியோவில் சேர்ப்பவர், ஒவ்வொரு ஒட்டிலும் பத்து மில்லி செகண்ட் இழந்தால் நூறு ஒட்டுகளுக்குப் பின் உதடு ஒரு நொடி பிந்தியே அசையும். வீடியோ மென்பொருளின் டைம்லைனிலேயே கிராஸ்ஃபேட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அது வெட்டுக்கு அப்பால் உள்ள மிச்சத்தை எடுத்துக்கொள்ளும், கிளிப் நகராது. அங்கே ஒரு ஃபிரேம் நீளம் 40 மில்லி செகண்ட் ஆகிவிடுவதால், நீக்கிய சொல்லின் வால் உள்ளே வருகிறதா என்று ஒவ்வொரு ஒட்டையும் இரண்டு நொடி சுற்றவிட்டுக் கேட்டுவிட வேண்டும். கம்ப்ரஸர் போட்டு ஒலியைச் சமன் செய்தபின் மறுபடி ஒருமுறை கேட்பதும் அவசியம், முன்பு கேட்காத சிறு ‘டிக்’குகளை அது மேலே தூக்கிவிடும்.