பிஸ்கட் கலர் வேண்டாம், அக்கா

அக்கா தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்பக்கம் முழுக்க வெள்ளி; பின்னல் நுனியில் மட்டும் பழைய கருப்பு கொஞ்சம். முடி அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன, முகம் வாடிக் கிடக்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனைகூடச் செய்துவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒருநாள் அவள் பீரோவைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பிஸ்கட், சந்தனம், கடுகு, காக்கி. அறுபதை நெருங்குகிறாள் என்று பிள்ளைகளும் மருமகளும் "வயசுக்கு ஏத்த மாதிரி" எடுத்துக்கொடுத்த புடவைகள்.

நம் மாநிற முகத்துக்குக் கருமுடி ஒரு சலுகை தந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கருப்பு இருந்ததால் முகம் வெளிச்சமாகத் தெரிந்தது. முடி வெளுத்ததும் கணக்கு தலைகீழாகிறது. இப்போது முடிதான் வெளிச்சம். அதன் அருகே அதே முகம் ஒரு படி மங்கித் தெரிகிறது. தோல் மாறவில்லை, அண்டை நிறம் மாறியிருக்கிறது.

இந்த அண்டை நிறச் சங்கதியை விளக்கிச் சொன்னவர் பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவைக் கவனித்துவந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கருப்பு நூல் அழுத்தமாக இல்லை என்று அங்கே புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் கோளாறில்லை. அந்தக் கருப்பின் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைத்தன. 1839இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார்.

புடவை விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. தோளிலும் கழுத்தடியிலும் இருக்கும் துணியில் பட்ட வெளிச்சம் தாடையில் போய் விழும். பிஸ்கட்டும் கடுகும் தோலின் மஞ்சள் பழுப்பையே இன்னும் கொஞ்சம் கூட்டிவிடும். கழுத்து எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே சாயலாகிவிடும். அதுதான் அந்த "வாட்டம்".

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நேர் வெயில் இல்லை, பவுடர் இல்லை, முடி முன்னால் தெரியும்படி சீவியிருந்தாள். ஒவ்வொரு துணியாகத் தோளில் போட்டு மூன்று இடங்களை மட்டும் பார்த்தோம்: கண்ணுக்குக் கீழே, வாயோரக் கோடு, தாடையின் விளிம்பு. கடுகு போட்டதும் வாயோரக் கோடு ஆழமானது. மயில் நீலத்தில் தாடை விளிம்பு தெளிவாக எழுந்தது. ராணி கலரில் கன்னத்துக்கு ரத்தம் வந்த மாதிரி இருந்தது, "இந்த வயசுல ராணியா?" என்று சிரித்தாலும் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. அரக்கு, நாவல்பழ நிறம், பாட்டில் பச்சை எல்லாம் தேறின. கருப்பில் முடி பளிச்சென்று மின்னியது, ஆனால் அது வெளிச்சத்தைத் திருப்பித் தராததால் தாடைக்குக் கீழே நிழல் கனத்தது. வெளிர் ரோஸ் சுண்ணாம்பு பூசியது போல.

சலவை வெள்ளையில்தான் எங்களுக்கு ஆச்சரியம். நீலம் போட்ட பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் அவள் முடி மஞ்சளாகத் தெரிந்தது. அரை வெள்ளைத் துணியை வைத்ததும் அதே முடி வெண்மையானது. வேட்டி சட்டைக்காரர்களும் இதைக் கவனிக்கலாம்.

எல்லோருக்கும் இதே பட்டியல் பொருந்தாது. நல்ல கருப்பான தோல் உள்ளவர்கள் இதைவிட அழுத்தமான நிறங்களையும் தாங்குவார்கள். வெளிர் தோலும் மெல்லிய முக அமைப்பும் உள்ளவர்களை ராணி கலர் விழுங்கிவிடும்; அவர்களுக்கு லாவண்டர் போதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் புடவை கண்ணில் பட்டால் ஒரு படி இறக்க வேண்டியதுதான்.

இதற்காகப் பீரோவைக் காலி செய்ய வேண்டியதில்லை. முகத்துக்கு அருகில் இருப்பது ரவிக்கைதான். அக்கா மேட்சிங் சென்டரில் டூ பை டூவில் 80 சென்டிமீட்டர் வீதம் அரக்கு, மயில் நீலம், நாவல்பழம் என மூன்று துண்டு எடுத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் வெட்டச் சொன்னாள். தையல்காரரிடம் கழுத்தை ஓர் அங்குலம் ஏற்றச் சொல்லியாயிற்று. அரக்குக் கரை போட்ட பிஸ்கட் புடவை இப்போது அரக்கு ரவிக்கையோடு, கரை கழுத்தை ஒட்டி வரும்படி மடித்துப் பின் குத்தி உடுத்தப்படுகிறது. பொட்டும் ஒரு சுற்று பெரிதாகியிருக்கிறது. வெளுத்த புருவத்துக்கு நடுவே அழுத்தமாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டியிருக்கிறது.

மருதாணி போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. ஆரஞ்சு முடிக்குப் பக்கத்தில் மயில் நீலமோ பாட்டில் பச்சையோ வந்தால் அந்த ஆரஞ்சு இன்னும் கொழுந்துவிட்டு எரியும்.