பத்து இலக்கம் இருந்தால் மட்டும் போதாது

குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் செயலாளர்கள் பலர் கைமாறி வந்திருக்கும். அதை அலுவலகக் கைப்பேசியின் கூகுள் காண்டாக்ட்ஸில் ஏற்ற வேண்டுமானால், முதலில் எக்செல்லில் சீராக்கி சிஎஸ்வி கோப்பாக மாற்ற வேண்டும். தலைப்பு வரிசையை நாமாக யூகிக்க வேண்டாம். காண்டாக்ட்ஸிலிருந்து ஓர் எண்ணை மட்டும் ஏற்றுமதி செய்து, அதில் இருக்கும் தலைப்புகளையே எடுத்துக்கொள்ளலாம்.

பெயரைப் பிரிப்பதற்குச் சூத்திரத்தை நம்பாதீர்கள். ‘ஆர். செல்வி’, ‘செல்வி ஆர்’ இரண்டும் ஒருவரே. இடைவெளியை வைத்து வெட்டினால் ‘முத்து லட்சுமி’யும் இரண்டாகிவிடுவார். பெயரை முதல் பெயராகவும் இனிஷியலைக் கடைசிப் பெயராகவும் கையால் பிரிப்பதுதான் நல்லது.

பெரிய வேலை தொலைபேசி எண்தான். ஒருவர் முன்னால் 0 போட்டிருப்பார், இன்னொருவர் +91 போட்டிருப்பார், வேறொருவர் நடுவில் கோடு இழுத்திருப்பார். ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருந்தால், முதல் வேலையாக அவற்றைத் தனித்தனி நெடுவரிசைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் சூத்திரம் பின்னால் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ளதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பழைய எண்கள் C நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். D2-வில் இதை எழுதுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),10)
```

இடைவெளியும் கோடும் நீங்கி, கடைசிப் பத்து இலக்கங்கள் நிற்கும். இத்துடன் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எழுதியவர் ஓர் இலக்கத்தை விட்டிருந்தால்? 0-வும் ஒன்பது இலக்கமும் சேர்ந்து பத்தாகிவிடும். +91-க்குப் பின் ஒன்பதே இருந்தால், அந்த 1 முன்னால் வந்து பத்தை நிரப்பிவிடும். எண்ணிப் பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் தெரியும். ஆனால் இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். அதனால் E2-வில் இந்தச் சோதனை:

```
=IFERROR(VALUE(D2)>=6000000000,FALSE)
```

FALSE என்று வந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். விடுபட்ட இலக்கங்களும் தரைவழி எண்களும் அங்கே வந்து நிற்கும். தரைவழி எண்ணைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றதை உரியவரிடம் கேட்டுத்தான் திருத்த வேண்டும். இலக்கம் சரியாக இருந்து எண்ணே மாறியிருந்தால் எந்தச் சூத்திரமும் சொல்லாது.

பிறகு F2-வில் `="+91"&D2`. இந்த நெடுவரிசையை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டி, CSV UTF-8 வகையில் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

சேமித்த கோப்பை மறுபடி எக்செல்லில் திறக்காதீர்கள். அது + குறியைத் தின்றுவிட்டு, எண்ணை 9.19E+11 என்று காட்டும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மற்ற இலக்கங்கள் போனது போனதுதான். சரிபார்க்க நோட்பேடில் திறந்தால் போதும். முதலில் ஐந்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்து, பெயரும் எண்ணும் உரிய இடத்தில் விழுந்த பிறகு முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள்.