தூக்கம் தள்ளிப்போன குழந்தைக்குக் காலை வெயில்

காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது. இரண்டரை வயதுக் குழந்தை பகலெல்லாம் ஓடியாடுகிறது. ஆனால் இரவு எட்டரைக்கே தூங்கிப் பழகியது, இப்போது பதினொன்றாகியும் கண் மூடுவதில்லை. காலை ஒன்பதுக்குத்தான் எழுகிறது. பாட்டி வீட்டில் விடுமுறை கழித்துத் திரும்பும் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதுண்டு. பெற்றோர் இதை அடம் என்கிறார்கள். பெரும்பாலும் அடம் இல்லை, உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

மூளையில் இருக்கும் அந்தக் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்தே நேரம் பார்க்கிறது. இருட்டினால் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரக்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாடவிட்டார்கள். மெலட்டோனின் சராசரியாக 88 சதவீதம் குறைந்தது. வெளிச்சத்தை நிறுத்தி 50 நிமிடம் கழிந்தும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய அளவுக்கு ஏறவில்லை. ஆகவே டியூப்லைட்டைப் படுக்கும் நேரத்தில் அணைப்பது போதாது. ஒரு மணி நேரம் முன்பே டிவியையும் போனையும் நிறுத்தி, மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் போதும்.

காலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒன்பதுக்கு எழும் குழந்தையை ஆறு மணிக்கே உசுப்பி வெயிலில் நிறுத்தினால், அதன் கடிகாரத்துக்கு அது இன்னும் நடு இரவு. அந்நேரத்து வெளிச்சம் தூக்கத்தை முன்னுக்கு இழுக்காமல் மேலும் தள்ளிவிடவும் கூடும். எனவே முதல் நாள் எட்டரைக்கு எழுப்பலாம். எழுந்ததும் வாசலிலோ மொட்டைமாடி நிழலிலோ அரை மணி நேரம் விளையாடட்டும். பல் தேய்ப்பதும் பால் குடிப்பதும்கூட அங்கேயே நடக்கலாம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் எழுப்பிக்கொண்டே வந்தால், ஒன்பது நாளில் பழைய ஆறரை மணிக்கு வந்துவிடலாம். படுக்கும் நேரமும் அதே அளவில் முன்னால் வரட்டும். முதல் நாளே எட்டரைக்குப் படுக்கவைத்தால் இருட்டில் புரண்டு அழுவதுதான் மிச்சம்.

பகல் தூக்கத்தை அடியோடு நிறுத்தக் கூடாது. களைத்த குழந்தை மாலையில் இன்னும் முரண்டு பிடிக்கும். எழும் நேரம் ஆறரையை நெருங்கும்போது, மதியத் தூக்கம் மூன்று மணிக்குள் முடிந்தால் போதும்.

எழுப்பும் முன்பே குழந்தை தானாகப் புரள ஆரம்பித்து, இரவில் படுத்த கால் மணி நேரத்தில் தூங்கினால் கடிகாரம் நகர்கிறது என்று பொருள். காய்ச்சல் இருக்கும்வரை இதில் எதையும் தொடங்க வேண்டாம், தூங்கும்வரை தூங்கட்டும். இரவில் மருந்து கொடுக்கும்போதும் பெரிய விளக்கைப் போட வேண்டாம். மருந்தளவு தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும். சளிக்குப் பிறகு படுத்ததும் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிற குழந்தைக்குக் கடிகாரம் காரணம் இல்லை. அதைக் குழந்தைகள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.