இலவச டிக்கெட், கூடவே ஒரு குடை: போட்டியாளரை விழுங்கும் விலை லாபம் தருமா?

தூத்துக்குடி–கொழும்பு கப்பல் பாதையில் 1907-இல் ஒரு கட்டணப் போர் நடந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை முடக்க, ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே ஆங்கிலேயக் கம்பெனி இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று அறிவித்ததாக வரலாறு சொல்கிறது.

அடக்கவிலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை விரட்டுவது, பிறகு விலையை ஏற்றி விட்டதைப் பிடிப்பது. இதுதான் திட்டம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

பரளச்சி மாதிரி ஓர் ஊரில் இரண்டு மளிகைக் கடைகள் என்று வைத்துக்கொள்வோம். அரிசியின் அடக்கவிலை கிலோ 50 ரூபாய். பெரிய கடை மாதம் 1,000 கிலோ விற்கிறது, சின்னக் கடை 100 கிலோ. பெரிய கடை விலையை 45 ஆக்கினால் அதற்கு மாதம் 5,000 ரூபாய் நஷ்டம். அதே விலைக்கு இறங்கும் சின்னக் கடைக்கு 500 ரூபாய்தான். அடிப்பவருக்கே அடி பத்து மடங்கு!

சின்னக் கடைக்காரர் அரிசி விற்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அவர் ஓடியே போனாலும், பெரிய கடை விலையை 60 ஆக்கியதும் வேறொருவர் கடை போடுவார். நஷ்டம் நிச்சயம், லாபம் சந்தேகம். பொருளியலாளர் ஜான் மெக்கீ 1958-இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்.

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்?

முதல் காரணம், ஆழமான பாக்கெட். 500 ரூபாய் நஷ்டம் சின்னதுதான், ஆனால் அதைத் தாங்கக் கையில் காசு வேண்டும். கடன் கொடுப்பவருக்கோ, கடை நொடிப்பது போட்டியாலா, நிர்வாகக் கோளாறாலா என்று தெரியாது, கையை விரித்துவிடுவார். கப்பல் தொழிலில் இது இன்னும் கடுமை. பங்குப் பணத்தைப் போட்டு வாங்கிய கப்பலைச் சும்மா நிறுத்தி வைத்தாலும் செலவு ஓடும். புதிதாக ஒருவர் நுழைவதும் சுலபமில்லை.

இரண்டாவது, பெயர். பல துறைமுகங்களுக்குக் கப்பல் விடும் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் விட்ட பணம் மற்ற இடங்களில் திரும்பும். ‘இவங்க நஷ்டத்தையும் பார்க்க மாட்டாங்க’ என்ற பயம் பரவினால் வேறெங்கும் போட்டியே முளைக்காது. அந்தச் சந்தேகம் சிறிதளவு இருந்தாலே போதும் என்று 1982-இல் வெளிவந்த ஆய்வுகள் கணித முறையில் காட்டின.

சுதேசிக் கம்பெனியைக் கட்டணம் மட்டுமே வீழ்த்தவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இன்று இந்தியப் போட்டிச் சட்டம் அடக்கவிலைக்குக் கீழான விலையைத் தடுப்பது, சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் உள்ள நிறுவனத்துக்கு மட்டும்தான். ஜியோவின் இலவசச் சேவை மீது ஏர்டெல் கொடுத்த புகாரை, ஜியோ அப்போது ஆதிக்க நிலையில் இல்லை என்று சொல்லி 2017-இல் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. ஆகவே, அடிமட்ட விலையைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளை விலை ஏறினால், இன்னொருவரால் கடை போட முடியுமா?