எதிர்நிரல்நிறையும் வரி முறிப்பும்

நன்னூலில் பொருள்கோள் படித்தவர்களுக்கு நிரல்நிறை நினைவிருக்கும். சொற்களை முதலில் நிறுத்தி, அவற்றுக்கு உரியவற்றைப் பின்னர் அதே வரிசையில் நிறுத்துவது அது. வரிசை தலைகீழானால் எதிர்நிரல்நிறை. கிரேக்க மொழியில் வரும் இவ்வமைப்பைக் ‘கயாஸ்மஸ்’ என்பர். பெருக்கல் குறி போன்ற ‘கை’ என்னும் கிரேக்க எழுத்தால் வந்த பெயர். குரோமோசோம்கள் குறுக்கிடும் இடத்தை விலங்கியல் ஏட்டில் ‘கயாஸ்மா’ என்று எழுதுகிறோமே, அதற்கும் வேர் இதுவே.

புதிய ஏற்பாட்டில் பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனங்களே கொண்டது. அதன் 5ஆம் வசனத்தில் நான்கு சொற்கள் இவ்வரிசையில் நிற்கின்றன:

அன்பு
  நம்பிக்கை
  ஆண்டவர் இயேசு
அடியார் அனைவர்

நேராக இணைத்தால் பிலேமோன் அடியார்மீது நம்பிக்கை வைத்தான் என்றாகும். இது பவுலின் வழக்கமான பேச்சன்று. எதிராக இணைத்தால் நம்பிக்கை ஆண்டவர்மீது, அன்பு அடியார்மீது. பொருள் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் இதை ஏற்கலாமா? வேறு சான்றும் உண்டு. ஆண்டவருக்கு முன் ‘ப்ரொஸ்’ என்றும், அடியாருக்கு முன் ‘எய்ஸ்’ என்றும் முன்னிடைச் சொல் மாறுகிறது. இரண்டும் ஒரே உறவல்ல என்பதற்கு இது ஒரு குறிப்பு. கொலோசெயர் கடிதத்தின் முதல் அதிகாரம் 4ஆம் வசனத்தில் இதே நான்கும் குறுக்கீடின்றி வருகின்றன. அங்கே நம்பிக்கை கிறிஸ்துவிடமும் அன்பு அடியாரிடமும் செல்கின்றன. சில பழைய கையெழுத்துப் படிகளில் அன்பும் நம்பிக்கையும் இடம் மாறியுள்ளன. குறுக்கு வரிசை படியெடுத்தோரை உறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் ‘பிஸ்திஸ்’ என்ற சொல்லுக்கு நம்பிக்கை மட்டுமன்றி உண்மையாய் நடத்தல் என்றும் பொருளுண்டு. அப்பொருளைக் கொண்டால் இரு பண்புகளும் இருவருக்கும் உரியவை எனலாம், எதிர்நிரல்நிறை தேவைப்படாது. இவ்வாறு கொள்வாரும் உளர். முன்னிடைச் சொல் மாறுவதால் எனக்கு முதற்கருத்தே வலுவாகப் படுகிறது.

இனி மொழிபெயர்ப்பு. பண்புகள் இரண்டையும் ஒரு வரியிலும், உரியவர் இருவரையும் அடுத்த வரியிலும் வைத்தால் வாசகரின் கண் நேராகக் கீழே இறங்கும். தவறான இணைப்பு அங்கேயே ஏற்பட்டுவிடும். நான்கு வரிகளாக முறித்து, நடு இரண்டையும் உள்ளே தள்ளினால் ஓரத்தில் அன்பும் அடியாரும் ஒரே நேரில் நிற்கும். அன்பு தொடங்கி அடியாரில் முடிவது வெறும் அலங்காரமன்று. அடிமை ஒநேசிமுவை அன்புடன் ஏற்றுக்கொள் என்று கேட்கவே கடிதம் எழுதப்படுகிறது. 7ஆம் வசனமும் மீண்டும் அன்பையும் அடியாரையும் சேர்த்தே பேசுகிறது.

இங்கே தமிழ் ஒரு தொல்லை தருகிறது. ‘இன்னாரிடம் நீ கொண்ட’ என்ற தொடர் தமிழில் பெயருக்கு முன்னே வரும். ஆகவே ஆண்டவர், அடியார், அன்பு, நம்பிக்கை என்று வரிசை புரண்டுவிடும். அப்போதும் குறுக்கு அமைப்பு அழியாது. ஆனால் ஓரத்தில் நிற்க வேண்டிய அன்பு நடுவே போய்விடும். அன்பையும் நம்பிக்கையையும் கேள்விப்பட்டதாக முதலிரு வரிகளில் வாக்கியத்தை முடித்துவிட்டு, மற்ற இருவரையும் தனித்தனி வரியில் தொடர்வதே வழி.

இக்கடிதம் பிலேமோன் வீட்டில் கூடும் சபைக்கும் எழுதப்பட்டது. வாய்விட்டு வாசிக்கும்போது உள்ளே தள்ளிய வரி காதில் விழாது. எனவே மூன்றாம் வரியின் தொடக்கத்தில் ‘நம்பிக்கை’ என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொல்லலாம். மூலத்தில் இல்லாத சொல்தான். எனினும் அதைக் கேட்டவுடன் நான்காம் வரி தானாகவே அன்புக்குப் போய்ச் சேரும்.